ஜாதகத்தில் 25, சான்றிதழில் 26: வரன் குறிப்பை ஷீட்டில் ஏற்றும்போது எங்கே தப்பு நடக்கிறது?

மதுரைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூத்த பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பெரியப்பா கைப்பட எழுதிய ஒற்றைத் தாள்தான் பையனின் வரன் குறிப்பு. மேலே பிள்ளையார் சுழி, கீழே ராசிக் கட்டமும் அம்சக் கட்டமும், அதற்கும் கீழே படிப்பு, வேலை, சம்பளம், உடன்பிறந்தோர், போன் நம்பர். அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்தே மங்கிவிட்டது. ஐடி வேலையில் இருக்கும் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து கூகுள் ஷீட்டில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு தலைப்புப் போட்டு ஏற்றினாள். ஏற்றும்போதே ஒரு தகராறு. ஜாதகத்தில் பிறந்த தேதி 25.10.1995. பிறப்புச் சான்றிதழில் 26.10.1995.

“பெரியப்பா, சர்ட்டிஃபிகேட்ல ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்காங்களே?”

“ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தாம்மா எழுதுவாங்க. ஜாதகத்துல உள்ளதைப் போடு.”

அவள் 25-10-1995, காலை 3.10 என்று போட்டாள். போனில் இருந்த ஒரு ஜாதக ஆப்பிலும் அதையே கொடுத்தாள். அது சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி என்றது. தாளில் இருந்ததோ விசாகம், விருச்சிகம். ‘அந்தக் காலத்து ஜோசியர் கணக்கில் தப்பு விட்டிருப்பார்’ என்று முடிவு கட்டி, ஷீட்டில் சுவாதி என்றே மாற்றிவிட்டாள். அதிலிருந்து எடுத்த அழகான பிடிஎஃப் இரண்டு மாதம் ஊரெல்லாம் சுற்றியது. பொருத்தம் பார்த்தவர்கள் எல்லோரும் இல்லாத ஒரு ஜாதகத்துக்குப் பொருத்தம் பார்த்தார்கள்.

இதில் ஜோசியர் தப்புச் செய்யவில்லை, ஆஸ்பத்திரியும் செய்யவில்லை. தாளில் இருந்த இரண்டு விதமான ‘நாள்’களை ஒரே கட்டத்துக்குள் திணித்ததுதான் கோளாறு. ஜாதகத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு கதை. நம்பாத வீட்டிலும்கூட எதிர்த்தரப்பு முதலில் கேட்பது நட்சத்திரத்தைத்தான். கொடுப்பது என்று ஆகிவிட்டால் சரியாகக் கொடுப்பதே நியாயம்.

புதன்கிழமை இரவு என்றால் எந்த இரவு?

தாளில் இருந்த வரி இது: ‘யுவ ௵ ஐப்பசி ௴ 8 ௳ புதன்கிழமை (25.10.1995) இரவு மணி 3.10க்கு, உதயாதி நாழிகை 52–38, விசாகம் 4ம் பாதம், விருச்சிக ராசி, சிம்ம லக்னம், ஜனன கால குரு திசை இருப்பு வருடம் 2 மாதம் 5 நாள் 8.’ நடுவில் வரும் சுழித்த குறிகளைப் பார்த்து இளசுகள் மிரள்வதுண்டு. ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள். ௸ வந்தால் ‘மேற்படி’. ‘உடன்பிறந்தோர் விலாசம் ௸’ என்று இருந்தால் மேலே சொன்ன அதே விலாசம் என்று பொருள். இந்தக் குறிகள் எல்லாமே யூனிகோடில் இருக்கின்றன. போன் கீபோர்டில் கிடைக்காவிட்டால் வார்த்தையாகவே எழுதிவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நமது காலண்டரில் நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறும். பஞ்சாங்கக் கணக்கில் சூரிய உதயத்துக்குத்தான் நாள் மாறும். புதன்கிழமை காலை தொடங்கிய நாள் வியாழக்கிழமை சூரியன் உதிக்கும் வரை புதன்கிழமைதான். அதனால் ஜோசியர் ‘புதன் இரவு 3.10’ என்று எழுதியது நாம் ‘வியாழன் விடியற்காலை 3.10’ என்று சொல்லும் நேரம். காலண்டர்படி அது 26.10.1995. ஆஸ்பத்திரி எழுதிய 26 சரி. ஜோசியர் ஐப்பசி 8க்கு நேரான இங்கிலீஷ் தேதியை அடைப்புக்குள் போட்டார், அதுவும் அவர் கணக்குக்குச் சரி. ‘இரவு 3.10’ என்பதை ‘25ஆம் தேதி காலை 3.10’ என்று மாற்றிய இடத்தில்தான் 24 மணி நேரம் காணாமல் போனது.

அந்த 24 மணி நேரத்தில் சந்திரன் கிட்டத்தட்ட ஒரு நட்சத்திரத்தைக் கடந்துவிடும். 25ஆம் தேதி விடியற்காலை 3.10க்கு சந்திரன் சுவாதியில் இருந்தது. 26ஆம் தேதி அதே நேரத்துக்கு விசாகம் 4ஆம் பாதத்துக்கு வந்துவிட்டது. ஆப் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது.

நள்ளிரவு 12 மணிக்கும் சூரிய உதயத்துக்கும் நடுவில் பிறந்த ஒவ்வொருவரின் குறிப்பிலும் இந்தக் குழப்பம் வரலாம். எல்லா ஜோசியர்களும் ஒரே மாதிரி எழுதுவதுமில்லை. சிலர் 25/26 என்று இரண்டையும் போடுவார்கள். சிலர் ‘விடியற்காலை’ என்று எழுதி மறுநாள் தேதியையே தருவார்கள். ஆகவே ‘இரவு 12க்கு மேல் என்றால் எப்போதும் ஒரு நாள் கூட்டு’ என்று சூத்திரம் போடக் கூடாது. அந்தத் தாளையே சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

தாளுக்குள்ளேயே இருக்கும் சாட்சிகள்

நல்ல ஜாதகக் குறிப்பு ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்லியிருக்கும். பலர் இதை அலங்காரம் என்று நினைத்து ஷீட்டில் ஏற்றாமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் தப்பைப் பிடிக்கிற கொக்கிகள் அவைதான்.

முதலில் உதயாதி நாழிகை. சூரிய உதயத்திலிருந்து குழந்தை பிறக்கும் வரை எத்தனை நாழிகை ஆனது என்ற கணக்கு அது. ஒரு நாழிகை 24 நிமிடம், 60 நாழிகை ஒரு நாள். 52 நாழிகை என்றால் 1,248 நிமிடம். மிச்சம் 38 விநாழிகை, ஒன்றுக்கு 24 விநாடி வீதம், சுமார் 15 நிமிடம். மொத்தம் 1,263 நிமிடம், அதாவது 21 மணி 3 நிமிடம். அக்டோபர் கடைசியில் மதுரையில் சூரிய உதயம் ஏறக்குறைய 6.07. அதோடு 21.03ஐக் கூட்டினால் மறுநாள் விடியற்காலை 3.10. நேரம் நிமிடம் பிசகாமல் உட்காருகிறது. உதயம் புதன்கிழமை என்பதைக் கிழமை சொல்கிறது. 25.10.1995 காலண்டரில் புதன்கிழமைதான். ஆக, பிறப்பு வியாழன் விடியற்காலை.

அடுத்தது நட்சத்திரம், பாதம், ராசி. 27 நட்சத்திரத்துக்குத் தலா நாலு பாதம், ஒரு ராசிக்கு ஒன்பது பாதம். விசாகத்தின் முதல் மூன்று பாதமும் துலாம், நாலாவது மட்டும் விருச்சிகம். கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி ஆகிய ஒன்பதும் இப்படி இரண்டு ராசிகளில் உடைந்து கிடக்கும். இந்த ஒன்பதில் ஒன்றாக இருந்து, தாளில் பாதம் எழுதாமல் ராசி மட்டும் இருந்தால், பாதத்தை ஊகித்து நிரப்பக் கூடாது. ‘விசாகம், விருச்சிகம்’ என்றால் 4ஆம் பாதம் என்று உறுதியாகச் சொல்லலாம். ‘விசாகம், துலாம்’ என்றால் மூன்றில் எது என்று தெரியாது. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

மூன்றாவது, திசை இருப்பு. விசாகம் குருவின் நட்சத்திரம், குரு திசை 16 வருடம். நாலு பாதத்துக்குப் பிரித்தால் பாதத்துக்கு 4 வருடம். 4ஆம் பாதத்தில் பிறந்தவருக்கு இருப்பு 4 வருடத்துக்குள்தான் இருக்க முடியும். தாளில் இருப்பது 2 வருடம் 5 மாதம். பொருந்துகிறது. யாராவது மங்கிய எழுத்தில் 2ஐ 7 என்று படித்து ஏற்றினால் இந்தக் கணக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டத்துக்குள்ளும் ஒரு சாட்சி உண்டு. தமிழ் மாதம் சூரியன் இருக்கும் ராசியை வைத்து வருவது. சித்திரையில் மேஷம், வைகாசியில் ரிஷபம் என்று எண்ணிக்கொண்டே போனால் ஐப்பசிக்குத் துலாம். எனவே கட்டத்தில் ‘சூ’ துலாத்தில் இருந்தாக வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், கையெழுத்தில் சூரியனுக்கு ‘சூ’, சுக்கிரனுக்கு ‘சு’. சுழி மங்கினால் இரண்டும் ஒன்றுதான். ‘சந்’தும் ‘சனி’யும் அவசரத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சந்திரன் ஜென்ம ராசியில்தான் இருக்க வேண்டும், இங்கே விருச்சிகம். ராகுவும் கேதுவும் எப்போதும் எதிரெதிர் கட்டம், ராகு துலாத்தில் என்றால் கேது மேஷத்தில். இந்த மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் கட்டத்தை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது படம் மாதிரி வரைய முயல்வது வீண் வேலை. ‘சூரியன்: துலாம், சந்திரன்: விருச்சிகம், செவ்வாய்: விருச்சிகம், சனி: கும்பம்’ என்று கிரகத்துக்கு ஒரு கட்டம் போதும். நம் ஊர்க் கட்டத்தில் ராசிகளின் இடம் மாறாது, மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது எப்போதும் மேஷம். அதிலிருந்து வலமாக எண்ணினால் போதும்.

‘எழுதியபடி’ என்று ஒரு கட்டம்

அந்த வீட்டுத் தங்கை செய்த பெரிய தப்பு தேதியை மாற்றிப் போட்டதுகூட இல்லை. தாளில் இருந்த ‘விசாகம்’ என்ற சொல்லை அழித்து அதன் மேலேயே ‘சுவாதி’ என்று எழுதியதுதான். அதன் பிறகு ஷீட்டைப் பார்க்கிற யாருக்கும் அங்கே ஒரு முரண்பாடு இருந்ததே தெரியாது. தாள் ஒரு பக்கம், ஷீட் ஒரு பக்கம். இரண்டில் எது பழசு, எது யார் திருத்தியது என்று கேட்டால் பதில் இல்லை.

எனவே பிறப்பு சம்பந்தப்பட்ட எந்த விவரத்துக்கும் இரண்டு கட்டம் வேண்டும். ஒன்றில் தாளில் இருப்பது, எழுத்துப் பிழையோடு, அப்படியே. மற்றதில் நாம் புரிந்துகொண்டது. இரண்டாவதைத் திருத்தலாம், முதலாவதை யாரும் தொடக் கூடாது. அந்த வீட்டுக் குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்:

```
பிறப்பு_எழுதியபடி  : யுவ வருடம் ஐப்பசி 8 புதன் (25.10.1995) இரவு 3.10
பிறந்த_தேதி        : 1995-10-26
பிறந்த_நேரம்_24    : 03:10
பஞ்சாங்க_நாள்      : ஐப்பசி 8, புதன்
சான்றிதழ்_தேதி     : 1995-10-26
நட்சத்திரம்_பாதம்  : விசாகம் 4
சரிபார்த்தது       : நாழிகை, திசை இருப்பு
```

சான்றிதழ் தேதிக்குத் தனிக் கட்டம் எதற்கு என்று கேட்கலாம், இங்கே இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது? எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது. பள்ளியில் சேர்க்க வயது காணாது என்று ஜூன் மாதத்துக்கு முந்தைய ஏதோ ஒரு தேதியைக் கொடுத்த பெற்றோர் நம் தாத்தா, அப்பா தலைமுறையில் ஏராளம். பாஸ்போர்ட், ஆதார், திருமணப் பதிவு எல்லாவற்றுக்கும் சான்றிதழ் தேதிதான். ஜாதகத்துக்கு உண்மையான தேதி. இரண்டையும் ஒரே கட்டத்தில் வைத்தால் ஏதாவது ஒன்றுக்கு அது பொய்.

‘வயது’ என்று ஒரு கட்டம் வைக்கவே கூடாது. பெரியப்பா எழுதிய நாளில் பையனுக்கு 27. அந்தத் தாள் இன்னமும் 27 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிறந்த தேதி இருந்தால் வயது தானாக வரும். மாறாக, பெரும்பாலான தாள்களில் இல்லாத ஒரு விவரம் கட்டாயம் வேண்டும்: இந்தக் குறிப்பு எழுதிய தேதி. அது இல்லாவிட்டால் சம்பளம், வேலை, ‘தங்கை படிக்கிறாள்’ எல்லாமே எந்த வருடத்துச் செய்தி என்று தெரியாது. தாளில் தேதி இல்லையென்றால் ‘வயது 27’ என்பதை வைத்தே பின்னால் போய்க் கணிக்கலாம். 1995 அக்டோபரில் பிறந்தவருக்கு 27 நடந்தது 2022 அக்டோபரிலிருந்து 2023 அக்டோபர் வரை. அதற்குமேல் துல்லியம் வேண்டுமென்றால் பெரியப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

கட்டங்கள் தானாகச் செய்யும் குறும்பு

தாளைச் சரியாகப் படித்தாலும் எக்செலும் ஷீட்டும் தங்கள் பங்குக்கு ஒரு கை பார்க்கும். திசை இருப்பை 2-5-8 என்று டைப் செய்து எண்டர் தட்டினால் அதை ஒரு தேதியாக எடுத்துக்கொண்டு 2008ஆம் வருடத்துக்குக் கூட்டிப்போகும் வாய்ப்பு அதிகம். லேண்ட்லைன் நம்பரின் முன்னால் இருக்கும் 0 காணாமல் போகும். மதுரையின் 0452 வெறும் 452 ஆகிவிடும். எல்லாவற்றையும்விட வேடிக்கை உயரம். ‘5.10’ என்று கையால் எழுதினால் நமக்கு 5 அடி 10 அங்குலம். கட்டத்துக்கு அது தசம எண், கடைசி 0 தேவையில்லை என்று 5.1 ஆக்கிவிடும். பையன் ஒரே நொடியில் ஒன்பது அங்குலம் குட்டையாகிவிடுவான். உயரத்தை வைத்து வடிகட்டுகிற வீடாக இருந்தால் அந்த வரன் அப்போதே காலி.

வழி எளிது. டைப் செய்வதற்கு முன்பே அந்தப் பத்திகளை ‘Plain text’ என்று மாற்றிவிட வேண்டும். டைப் செய்த பிறகு மாற்றினால் போன சுழியம் திரும்பி வராது. உயரத்துக்கு சென்டிமீட்டர் நல்லது. 5 அடி 10 அங்குலம் 178 செ.மீ. பக்கத்தில் ‘எழுதியபடி’ கட்டத்தில் 5.10 இருக்கட்டும். தேதியை வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் வைத்தால், அமெரிக்க அமைப்பில் இருக்கும் லேப்டாப்பில் திறந்தாலும் நாளும் மாதமும் இடம் மாறாது.

எதைக் கட்டமாக்குவது, எதை விடுவது

ஐடி ஆட்களுக்கு ஒரு ஆசை உண்டு, தாளில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தலைப்புப் போட வேண்டும் என்று. நாற்பது, ஐம்பது பத்தி வரை போய், பாதி காலியாகக் கிடக்கும். தேடவோ ஒப்பிடவோ போகிற விவரம் மட்டும் கட்டமானால் போதும். ‘கௌரவமான குடும்பம்’, ‘சொத்து விவரம் நேரில்’ போன்றவை ஒரே ஒரு குறிப்புப் பத்தியில் அப்படியே கிடக்கட்டும். அவற்றைப் பிரிக்கப் போனால் நம் ஊகம்தான் உள்ளே நுழையும்.

பிரித்தே ஆக வேண்டியவையும் சில உண்டு. ‘உடன்பிறந்தோர்: ஆண் 2, பெண் 1’ என்று இருக்கும். அந்த ஆண் இரண்டில் பையனும் அடக்கமா? சில வீடுகளில் அடக்கம், சில வீடுகளில் இல்லை. பக்கத்தில் ‘(தி.ஆ.)’, அதாவது திருமணம் ஆனவர் என்று யாருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் சில சமயம் விடை கிடைக்கும். நம் வீட்டுத் தாள் என்றால் நமக்கே தெரியும். வெளியிலிருந்து வந்த தாள் என்றால் போன் போட்டுக் கேட்கும் வரை ‘எழுதியபடி’ மட்டும்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி என்று உறவு, மூத்தவரா இளையவரா, திருமணம் ஆனதா என்று எழுதுவது எண்ணிக்கை போடுவதைவிட மேல்.

‘சம்பளம் 45’ இன்னொரு புதிர். 2022இல் சொன்னால் மாதம் 45 ஆயிரமாக இருக்கலாம். சிலர் கையில் வருவதைச் சொல்வார்கள், சிலர் கம்பெனி கணக்கில் உள்ள வருடத் தொகையைச் சொல்வார்கள். தொகை, மாதமா வருடமா, எந்தத் தேதியில் சொன்னது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சம்பளம் என்ற விவரம் முழுமை. மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்த எண்ணை மற்ற வரன்களோடு வரிசைப்படுத்தக் கூடாது.

இனி செவ்வாய் தோஷம். பெரியப்பா தாளின் ஓரத்தில் ‘சுத்த ஜாதகம்’ என்று எழுதியிருந்தார். கட்டத்தில் செவ்வாய் விருச்சிகத்தில். சிம்ம லக்னத்திலிருந்து எண்ணினால் நாலாம் இடம். பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி 2, 4, 7, 8, 12இல் செவ்வாய் இருந்தால் தோஷம். ஆனால் விருச்சிகம் செவ்வாயின் சொந்த வீடு, ஆட்சியில் இருந்தால் தோஷமில்லை என்று விலக்குச் சொல்வோரும் உண்டு. அந்த விலக்கை ஏற்பவர் சுத்தம் என்பார், ஏற்காதவர் தோஷம் என்பார். ‘தோஷம்: உண்டு/இல்லை’ என்று ஒரு டிக் பாக்ஸ் வைத்தால் இந்த விவகாரம் முழுக்க அதற்குள் புதைந்துவிடும். செவ்வாய் எந்த ராசியில் என்பது விவரம். சுத்த ஜாதகம் என்பது ஒருவர் கருத்து. முதலாவதற்குக் கட்டம், இரண்டாவதற்கு ‘யார் சொன்னது’ என்ற குறிப்போடு ஒரு வரி. எதிர்த்தரப்பு ஜோசியர் ஏதாவது சொன்னால் அடுத்த வரியில் அதையும் எழுதிவைக்கலாம். வீட்டில் சண்டை வந்தால் குறைந்தபட்சம் எதைப் பற்றிச் சண்டை என்றாவது தெரியும்.

அடுத்தவர் வீட்டுத் தாள்

பெண் பார்க்கிற வீட்டில் சொந்தத் தாள் ஒன்று என்றால் வந்த தாள்கள் முப்பது இருக்கும். அவற்றையும் இதே ஷீட்டில் ஏற்றத்தான் எல்லோருக்கும் கை போகும். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தத் தாளில் ஒரு பெண்ணின் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், வேலை பார்க்கும் இடம், அப்பாவின் போன் நம்பர், சில சமயம் தங்கும் விடுதி வரை இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்குப் பொருந்தாது. வீட்டு ஷீட் அதன் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. கேட்க ஆள் இல்லை என்பதால்தான் அது ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்ற நிலையில் சித்தப்பா, மாமா, புரோக்கர் என்று கைமாறிக்கொண்டே போகிறது.

வெளியிலிருந்து வந்த தாள்களுக்கு எட்டுப் பத்துக் கட்டத்துக்கு மேல் தேவையே இல்லை. ஒரு வரிசை எண், ஊர், பிறந்த தேதி, நட்சத்திரம்-பாதம், படிப்பு, வேலை, யார் மூலம் வந்தது, பேச்சு எந்த நிலையில். பெயரும் போன் நம்பரும் அசல் தாளில் இருக்கட்டும், தாளின் மூலையில் பென்சிலால் அதே வரிசை எண்ணை எழுதிவைத்தால் போதும். ஷீட் யார் கைக்குப் போனாலும் அந்தப் பெண்ணைத் தேடிப் போன் போட முடியாது. ‘வேண்டாம்’ என்று முடிவான நாளில் அந்த வரியை அழித்து, போனில் உள்ள போட்டோவையும் அழித்து, தாளைக் கிழித்துப்போடுவது நல்லது, அல்லது வந்த வழியே திருப்பிக் கொடுக்கலாம். பல வீடுகளில் கல்யாணம் முடிந்து குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகும் பழைய வரன் போட்டோக்கள் அம்மாவின் வாட்ஸ்அப்பில் கிடக்கின்றன. அந்தப் பெண்களுக்கு அது தெரிந்தால் எப்படி இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

சொந்தத் தாளை மட்டும் அழிக்கக் கூடாது. நிழல் விழாத பகல் வெளிச்சத்தில், தாளைத் தரையில் சமமாக விரித்து, நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். பெரியப்பா மாதிரி ஆட்கள் பின்பக்கத்தில்தான் ‘அம்மா சொன்ன நேரம் 3 மணி, நர்ஸ் சொன்னது 3.10’ என்பது போன்றவற்றைப் பென்சிலில் எழுதிவைத்திருப்பார்கள். ஷீட்டின் முதல் பத்தியில் அந்தப் படங்களின் பெயர் இருந்தால், நாளைக்கு சந்தேகம் வரும்போது எந்தத் தாளைத் திறக்க வேண்டும் என்று தேட வேண்டியதில்லை.

மதுரை வீட்டுக்கு வருவோம். பெண் வீட்டார் ஒருவர் பிடிஎஃப்பையும், அதற்கு முன்பே தரகர் கொடுத்திருந்த பழைய ஜெராக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “பையன் சுவாதியா விசாகமா, முதல்ல அதைச் சொல்லுங்க” என்று கேட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. கேட்டவர்கள் தப்பாக நினைத்திருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. ஜாதகத்தை மாற்றிக் கொடுப்பதும் ஊரில் நடக்காத காரியமில்லை. நாழிகைக் கணக்கைத் தங்கை போட்டுப் பார்த்தது அன்று இரவுதான், பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. “52 நாழிகைன்னா விடியிறதுக்கு எட்டு நாழிகைக்கு முன்னாடிம்மா, இதுல என்ன சந்தேகம்” என்றார் அவர், கால்குலேட்டரைப் பார்க்காமலே.

திருத்திய பிடிஎஃப்பின் அடியில் இப்போது ‘குறிப்பு தேதி’ என்று ஒரு வரி இருக்கிறது. பழையதை வாங்கியவர்கள் பட்டியல் ஷீட்டில் இல்லை, வாட்ஸ்அப்பைத் தோண்டித்தான் எடுத்தாள். பதினோரு பேர். ஒன்பது பேருக்குத் திருத்தியதை அனுப்பியாகிவிட்டது. மீதி இரண்டு பேர் தரகர்கள். அவர்கள் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பது அவர்களுக்கே நினைவில்லை.